மின் அடுப்பில் ‘ஐந்து’ என்றால் பாதித் தீ அல்ல

“அடுப்பு கெட்டுப்போச்சுடி. அணைஞ்சு அணைஞ்சு எரியுது.”

அமெரிக்காவிலோ கனடாவிலோ இருக்கும் மகள் வீட்டுக்குப் போய் இறங்கிய அம்மாக்கள் பலர், முதல் வாரத்திலேயே சமையலறையிலிருந்து கொடுக்கும் குரல் இது. அங்கே வாடகை அடுக்ககங்கள் பலவற்றில் கேஸ் இல்லை. கறுப்புக் கண்ணாடி மேடைக்கு அடியில் சிவக்கும் அடுப்போ, சுருள் சுருளாகக் கம்பி தெரியும் காயில் அடுப்போதான் இருக்கும். இரண்டுமே எரியும், சில நொடிகளில் அணையும், மறுபடி எரியும். அடுப்பு கெட்டுப்போகவில்லை, அதன் சுபாவமே அப்படித்தான்.

கேஸ் அடுப்பில் குமிழைத் திருகினால் தீயின் அளவு குறையும். மின் அடுப்பில் பெரும்பாலும் அப்படிக் குறைவதில்லை. எரியும் நேரத்தில் காயில் முழு மூச்சாகத்தான் எரிகிறது. எவ்வளவு நேரம் எரிந்து எவ்வளவு நேரம் ஓய வேண்டும் என்பதைத்தான் குமிழ் சொல்கிறது. குமிழுக்குப் பின்னால் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு சிறு பட்டை இருக்கிறது. மின்சாரம் ஓடும்போது அது சூடாகி வளைந்து இணைப்பைத் துண்டிக்கும், ஆறியதும் நிமிர்ந்து மறுபடி இணைக்கும். ‘ஹை’யில் வைத்தால் ஓய்வே இல்லை. ‘இரண்டு’ என்றால் கொஞ்ச நேரம் எரிந்து நெடுநேரம் சும்மா இருக்கும். உங்கள் பாத்திரம் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பது இந்தப் பட்டைக்குத் தெரியவே தெரியாது. தனியாக வாங்கிச் செருகும் ஹாட் பிளேட்டுகள் பலவற்றில் மட்டும் தெர்மோஸ்டாட் இருக்கும். தட்டு குறிப்பிட்ட சூட்டை எட்டியதும் அதுவே அணைத்துக்கொள்ளும்.

ஊரில் பேச்சுலர் அறைகளில் பார்த்த பழைய காயில் ஸ்டவ்வை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதில் கம்பி வெறுமனே கிடக்கும். எவர்சில்வர் பாத்திரம் பட்டால் ஷாக் அடிக்கும். இப்போதைய காயிலில் கம்பி ஓர் உலோகக் குழாய்க்குள் இருக்கிறது, சுற்றிலும் மின்சாரம் கடத்தாத மாவு அடைத்திருக்கிறது. பாத்திரம் தாராளமாக அதைத் தொடலாம். தொட்டே ஆக வேண்டும் என்பதுதான் இங்கே விஷயம்.

கேஸ் தீ எழும்பி வந்து பாத்திரத்தைத் தழுவும், அடி உருண்டையாக இருந்தாலும் கவலையில்லை. காயில் அப்படி எழும்பி வராது. பாத்திரத்தின் அடி அதன்மேல் சப்பென்று உட்கார்ந்தால்தான் சூடு நன்றாக ஏறும். வட்ட அடி வாணலியில் நடுவில் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தொட்டுக்கொண்டு, அங்கே மட்டும் கருகும். இன்னொன்றும் உண்டு. கண்ணாடி மேடைக்கு அடியில், கண்ணாடி அளவுமீறிச் சூடானால் மின்சாரத்தை வெட்டிவிடும் காவல் அமைப்பு ஒன்று இருக்கிறது. அடி வளைந்த பாத்திரம் சூட்டை வாங்கிக்கொள்ளாததால் அது கண்ணாடியிலேயே தேங்கும், காவல் அமைப்பு வெட்டிவிடும். ஆகவே ‘ஹை’யில் வைத்தும் அடிக்கடி அணைகிறது, தண்ணீர் கொதிக்க யுகமாகிறது என்றால், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுமுன் பாத்திரத்தைக் கவிழ்த்துப் பாருங்கள். ஒரு ஸ்கேலை அடியில் குறுக்காக நிறுத்தித் திருப்பிக்கொண்டே வந்தால், எங்கே வெளிச்சம் தெரிகிறதோ அங்கே வளைவு.

இண்டக்‌ஷனும் இதுவும் வெளியே பார்க்க ஒன்றுபோல் இருப்பதால், காந்தம் ஒட்டும் பாத்திரம்தான் வேண்டும் என்று பலர் புதிதாக ஒரு செட் வாங்கிவிடுகிறார்கள். தேவையே இல்லை. கண்ணாடி சிவந்து எரிகிறதென்றால் எவர்சில்வர், அலுமினியம், செம்பு, இரும்பு எல்லாம் ஆகும். அடி கனமாக இருந்தால் நல்லது. எரிவதும் அணைவதுமான ஏற்றஇறக்கத்தை அந்தக் கனம் சமன் செய்துவிடும். அலுமினியத்தைத் தேய்த்தால் கண்ணாடியில் சாம்பல் கோடு விழும், இரும்புக் கல்லை இழுத்தால் கீறும். நகர்த்தாமல் தூக்கி வைக்க வேண்டும். ஈயச்சொம்பை மட்டும் இந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள். ஈயச்சொம்பின் வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். காயில் சிவப்பாகத் தெரிகிறதென்றாலே அது 500 டிகிரியைத் தாண்டியிருக்கும். ரசம் வற்றினால் சொம்பு போயிற்று. ரசத்தை வேறு பாத்திரத்தில் வைத்துச் சொம்பில் ஊற்றிக்கொள்ளலாம்.

தோசை ஊற்றிப் பார்த்தால் இந்த அடுப்பு முழுவதும் பிடிபட்டுவிடும். பெரிய காயில் 8 அங்குலம், அதாவது 20 சென்டிமீட்டர். நம் தோசைக்கல் 28 சென்டிமீட்டராவது இருக்கும். சிறிய காயிலில் வைத்தால் நடுவில் முறுகி ஓரம் வெளுத்துக் கிடக்கும், ஆகவே பெரியதில்தான் வைக்க வேண்டும். குமிழை ஐந்தில் வைத்து, ஏழெட்டு நிமிடம் பொறுத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு ‘ஹை’யில் வைத்தால் நடு மட்டும் காய்ந்து, ஊற்றிய மாவு கரண்டியோடு சுருட்டிக்கொண்டு வரும். தண்ணீர் தெளித்துப் பார்க்கும்போது நடுவில் மட்டுமல்ல, ஓரத்திலும் தெளியுங்கள். இரண்டு இடத்திலும் ‘சுர்’ரென்று அடங்கினால் கல் தயார். அதன்பிறகு குமிழைத் தொடாதீர்கள். கேஸில் ஊற்றும்போது குறைத்து, வேகும்போது கூட்டிப் பழகிய கை இங்கே சும்மா இருக்காது. ஆனால் நீங்கள் திருகியது கல்லுக்குப் போய்ச் சேர இரண்டு மூன்று நிமிடம் ஆகும், அதற்குள் அடுத்த தோசையே ஊற்றியிருப்பீர்கள். கல் அதிகம் காய்ந்துவிட்டால் தண்ணீர் தெளித்து வெங்காயத்தால் துடைத்துவிட்டு ஊற்றுவதுதான் வழி. நாலைந்து தோசைக்குப் பிறகும் வேகமாகச் சிவந்தால் அரை எண் குறைக்கலாம்.

இந்தத் தாமதம்தான் பால் பொங்குவதற்கும் காரணம். அணைத்தாலும் பொங்கும், ஏனென்றால் அடியில் சூடு அப்படியே இருக்கிறது. பாத்திரத்தைத் தூக்கி வேறு இடத்தில் வைப்பது ஒன்றே வழி. சாதம் வடிக்கிறவர்கள் இரண்டு அடுப்பை எடுத்துக்கொள்ளலாம்: ஒன்று ‘ஹை’யில், பக்கத்தில் இன்னொன்று மூன்றில். கொதி வந்ததும் பானையை மாற்றிவிட்டால் கஞ்சி மேடைக்கு வராது. குக்கரில் வெயிட் ஆடத் தொடங்கும்போதே மூன்றுக்குக் கொண்டுவர வேண்டும், விசில் வந்தபின் குறைத்தால் அது விடாமல் கத்திக்கொண்டிருக்கும். மூன்றாவது விசிலோடு நிறுத்த வேண்டுமானால் அணைத்ததோடு விடாமல் குக்கரைத் தூக்கி ஆறிய அடுப்பில் வையுங்கள். மிஞ்சும் சூட்டை லாபமாக்கவும் முடியும். வெண்பொங்கலை ஐந்து நிமிடம் முன்னதாகவே அணைத்து மூடி வைத்தால் அதிலேயே குழைந்துவிடும்.

2018-க்குப் பிறகு அமெரிக்காவில் வந்த புதிய காயில் அடுப்புகளில் நடுவில் ஒரு சிறு பொத்தான் போன்ற சென்சார் இருக்கும். எண்ணெய் தீப்பிடிக்கும் சூட்டுக்குப் போகாமல் தடுப்பது அதன் வேலை. பெரிய வாணலியில் அப்பளம் பொரிக்கும்போது நடுவே சூடு தணிவதாகத் தெரிந்தால் இதன் கைவரிசையாக இருக்கலாம். அதைக் கழற்றவோ அமுக்கிக் கட்டவோ வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாகப் பொரித்தால் சரியாகிவிடும்.

கண்ணாடி மேடைக்கு உண்மையான எதிரி சர்க்கரைப் பாகு. சாம்பார் சிந்தினால் ஆறியபின் துடைத்துக்கொள்ளலாம். பாகு அப்படியே ஆறினால் கண்ணாடியைக் கவ்வி, எடுக்கும்போது செதிலாகப் பெயர்த்துக்கொண்டு வரும். அதிரசத்துக்கோ மைசூர்பாகுக்கோ பாகு காய்ச்சும் நாளில், பிளேடு வைத்த சுரண்டியையும் தடித்த கையுறையையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, சிந்தியதை அடுப்பு சூடாக இருக்கும்போதே ஆறிய ஓரத்துக்குச் சுரண்டித் தள்ளிவிட வேண்டும்.