கடைசிப் பில்லோடு போகக் கூடாத கடிதம்

ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்தக் கடைக்கு பில்லிங், சரக்கு இருப்பு மென்பொருள் அமைத்துக் கொடுத்தோம். எட்டு மாத வேலை. முடிந்த அன்றே பாக்கிப் பில்லை இணைத்து, ‘நன்றி சார், எங்களைப் பற்றி நாலு வரி எழுதித் தாருங்கள், தெரிந்தவர்களிடமும் சொல்லுங்கள்’ என்று மின்னஞ்சல் அனுப்பினேன். பணம் வந்தது. பதில் வரவில்லை.

தப்பு என்னுடையதுதான். அவர் கண்ணில் பட்டது பில் மட்டும். தவிர, மாதக் கடைசி நெரிசலில் மென்பொருள் தாங்குமா என்று அவருக்கே தெரியாத நேரத்தில் என்னவென்று பாராட்டுவார்?

இப்போதெல்லாம் பாக்கி வசூலான பிறகும் பொறுத்திருக்கிறேன். மாதாமாதம் ஜிஎஸ்டி கணக்குக் கொடுப்பவர்கள் விற்பனை விவரத்தை, அதாவது ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தை, அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும். புது மென்பொருளிலிருந்து முதல் தாக்கல் சிக்கலில்லாமல் போனால், மறுநாள் எழுதுவேன். கட்டட ஒப்பந்தக்காரராக இருந்தால் முதல் பெருமழை ஓயும்வரை காத்திருக்கலாம்.

அடுத்த வாடிக்கையாளருக்கு அனுப்பியது இப்படி இருந்தது:

‘வணக்கம் சார். நேற்று உங்கள் முதல் தாக்கல் நல்லபடியாக முடிந்ததாகக் கணக்காளர் சொன்னார். பழைய நோட்டுகளிலிருந்து நாலாயிரம் சரக்குப் பெயர்களை அவர் ஞாயிற்றுக்கிழமைகளிலும் உட்கார்ந்து சரிபார்த்திராவிட்டால் இது நடந்திருக்காது. அவருக்கும் உங்களுக்கும் நன்றி.

ஒரு சிறு வேண்டுகோள். முன்பு தாக்கலுக்கு எத்தனை நாள் பிடித்தது, இப்போது எத்தனை நாள் என்று இரண்டு மூன்று வரி எழுதித் தர முடியுமா? வேலைக்கு நடுவே முடியாமல் போனால் பரவாயில்லை.’

கணக்காளருக்கும் ஒரு நகல் போனது. கடைசிப் பத்தியைக் கையால் மறைத்துப் படித்துப் பார்ப்பேன். மிச்சம் நன்றிக் கடிதமாக நிற்காவிட்டால், நன்றி வெறும் பீடிகை என்று அர்த்தம், திரும்ப எழுதுவேன்.

‘எங்களைப் பற்றி எழுதுங்கள்’ என்றால் மனிதர்கள் திகைத்துப் போவார்கள், அல்லது ‘நல்ல சேவை’ என்று இரண்டு வார்த்தை வரும். முன்பு, இப்போது என்று கேட்டால் கைவசம் பதில் இருக்கும். பரிந்துரையை அதே கடிதத்தில் கேட்பதில்லை. அது சில வாரம் கழித்து, அதுவும் குறிப்பாக: ‘இரண்டு கிடங்கு வைத்து இன்னும் நோட்டில் எழுதுகிற வியாபாரி யாராவது தெரியுமா?’ ‘யாராவது’ என்று மட்டும் கேட்டால் யாரும் நினைவுக்கு வரமாட்டார்கள். பரிந்துரைக்குத் தள்ளுபடி தருவதாக எழுத வேண்டாம். அவர் வாய்ச்சொல்லுக்கு விலை வைத்ததாகிவிடும்.

பதில் இல்லையென்றால் இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல், அவ்வளவுதான். எழுதித் தந்தால், அச்சிடுமுன் பெயர் போடலாமா என்று தனியாகக் கேளுங்கள். ‘ஜவுளி மொத்த வியாபாரி, ஈரோடு’ என்று மட்டும் போடச் சொன்னால் அப்படியே போடுங்கள்.