மரத்தின் இருபுறமும் ஒரே ஆளின் தடம்

1940 ஜனவரி 13ஆம் தேதியிட்ட 'நியூயார்க்கர்' இதழில் சார்லஸ் ஆடம்ஸ் வரைந்த ஒரு கார்ட்டூன் வெளியானது. பனி மூடிய மலைச்சரிவு. அதில் ஒரு மரம். காலில் சறுக்குக் கட்டைகளைக் கட்டிக்கொண்ட ஒருவர் மரத்தைக் கடந்து கீழே போய்க்கொண்டிருக்கிறார். அவர் வந்த வழி பனியில் இரண்டு கோடுகளாகப் பதிந்திருக்கிறது. சேர்ந்தே இறங்கி வந்த அந்தக் கோடுகள் மரத்தை நெருங்கியதும் பிரிகின்றன. ஒன்று மரத்துக்கு இந்தப் பக்கம், மற்றது அந்தப் பக்கம். மரத்தைத் தாண்டியதும் மறுபடி ஒன்றாகச் சேர்ந்துகொள்கின்றன. இன்னொரு ஆள் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். படத்தின் கீழே ஒரு சொல்கூடக் கிடையாது.

பனியே பார்த்திராத நமக்கு இதை இப்படிச் சொல்லலாம். மாட்டு வண்டியின் சக்கரத் தடம் மண்ணில் இரண்டு கோடுகளாக வருகிறது. நடுவில் ஒரு பனைமரம் நிற்கிறது. தடம் பனையின் இருபுறமும் போய் மீண்டும் சேர்கிறது. வண்டி எப்படிப் போனது?

ஆடம்ஸ் எதை வரையவில்லை என்று பார்த்தால்தான் இந்தப் படத்தின் சூட்சுமம் பிடிபடும். அந்த ஆள் மரத்தைக் கடந்த கணம் படத்தில் இல்லை. அது ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. காகிதத்தில் இருப்பது அதற்குப் பிந்தைய நிலையும், அது விட்டுச்சென்ற தடயமும் மட்டும்தான். நடந்ததைப் பார்ப்பவரே தன் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரு காலைத் தூக்கிக்கொண்டு போயிருப்பாரோ? அப்படியென்றால் ஒரு கோடு அறுபட்டிருக்கும். இங்கே இரண்டும் முழுசாக இருக்கின்றன. இரண்டு பேர் ஆளுக்கு ஒரு காலில் வந்திருப்பார்களோ? கீழே போவது ஒருவர்தானே. மரத்தில் மோதியிருப்பாரோ? விழுந்து புரண்ட அடையாளமே இல்லை. விளக்கங்கள் ஒவ்வொன்றாக அடிபட்டுப்போகும்போதுதான் சிரிப்பு வருகிறது. விடை கிடைத்துவிடுகிற படத்துக்கு ஒருமுறைதான் சிரிப்போம். இதற்கு விடையே கிடையாது என்பதால் 80 வருடங்களுக்கு மேலாகியும் ஆட்கள் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள்.

'ஒரே படத்தில் ஒரு முழு ஜோக்' என்று சொல்கிறோம். உண்மையில் அந்த ஒரே படத்துக்குள் நேரம் ஓடுகிறது. பார்ப்பவரின் கண் நகர்கிற நேரம் அது. முதலில் சரிவு, மரம், சறுக்கிப் போகிற ஆள் என்று சாதாரணக் காட்சி ஒன்று கண்ணில் படுகிறது. 'சரி, யாரோ சறுக்கி விளையாடுகிறார்கள்' என்று மனம் முடிவு கட்டுகிறது. பிறகு கண் கோடுகளைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுகிறது. மரத்தடியில் வந்து முட்டிக்கொள்கிறது. பேசும் ஜோக்கில் கடைசி வரி செய்கிற வேலையை இங்கே அந்த மரத்தடி செய்கிறது. கார்ட்டூனிஸ்டின் திறமை பெரும்பாலும் இந்த வரிசையைக் கட்டுப்படுத்துவதில்தான் இருக்கிறது. எது முதலில் தெரிய வேண்டும், எது அரை விநாடி கழித்துத் தெரிய வேண்டும் என்பதை அவர் உருவங்களின் அளவாலும், இருட்டும் வெளிச்சமும் விழுகிற இடத்தாலும், கோடுகள் ஓடுகிற திசையாலும் தீர்மானிக்கிறார். சினிமாக்காரருக்குக் கத்தரியும் ஒட்டும் பசையும் இருந்தன. இவருக்கு அவை கிடையாது.

இந்த இடத்தில்தான் பல படங்கள் சொதப்புகின்றன. முக்கியத் தடயத்தை நட்டநடுவில், தடித்த கோட்டில் வரைந்துவிட்டால் கண் முதலில் அங்கேதான் போகும். எதிர்பார்ப்பு உருவாகும் முன்பே ஏமாற்றம் வந்துவிடுவதால் சிரிப்பு எழாது. தடயத்தை மிகச் சின்னதாக மூலையில் ஒளித்தால் பாதிப் பேர் கவனிக்காமலே பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். பத்திரிகையில் அச்சாகும்போது படம் சுருங்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். இன்னொரு தவறு, அழகுக்காகச் சேர்க்கிற சாமான்கள். பனிச்சரிவில் ஆடம்ஸ் ஒரு நாயையும் ஒரு வீட்டையும் சேர்த்திருந்தால், 'நாய்க்கும் இதற்கும் என்ன சம்பந்தம்' என்று கண் அலைந்திருக்கும். பேச்சில்லாத படத்தில் இருக்கிற ஒவ்வொரு பொருளையும் பார்ப்பவர் துப்பாகவே எடுத்துக்கொள்கிறார். உதவாத துப்பு அவரை வழிதவற வைக்கும்.

அப்படியானால் நின்று பார்க்கிற அந்த இரண்டாவது ஆள் எதற்கு? அவரை நீக்கிவிட்டுப் பார்த்தால் பதில் கிடைக்கும். அவர் இல்லாவிட்டால் படம் ஒரு புதிராகவோ, ஓவியரின் கைப்பிசகாகவோகூடத் தெரியலாம். அவர் நிற்பதால், 'அந்த உலகத்திலும் இது நடக்கக் கூடாத விஷயம்தான்' என்பது உறுதியாகிறது. நம் திகைப்புக்கு அவர் சாட்சி. சறுக்கிப் போகிறவரோ ஒன்றுமே நடக்காத மாதிரி போகிறார். ஒருவருக்கு அது சாதாரணம், இன்னொருவருக்கு அதிசயம். இந்த முரண் படத்தை இன்னும் இறுக்குகிறது. ஆர்.கே. லக்ஷ்மண் 1951இல் தொடங்கிப் பல பத்தாண்டுகள் வரைந்த 'காமன் மேன்' இதே வேலையைச் செய்தவர்தான். கட்டம் போட்ட கோட்டும் வேட்டியுமாக ஒதுங்கி நின்று பார்ப்பார். வாயே திறக்க மாட்டார். அந்தப் படங்களில் வசனம் மற்றவர்களுடையது.

படத்தில் கண் செய்கிற பயணத்தை, திரையிலும் மேடையிலும் நடிகர் தன் உடம்பால் செய்துகாட்ட வேண்டும். சார்லி சாப்ளினின் 'தி ஐடில் கிளாஸ்' 1921இல் வந்த ஊமைப்படம். அதில் சாப்ளினுக்கு இரட்டை வேடம். ஒரு வேடம் பணக்காரக் குடிகாரக் கணவன். குடியை விடும்வரை தனி அறையில் இருக்கப் போவதாக மனைவி எழுதிய கடிதம் அவன் கைக்கு வருகிறது. படிக்கிறான். நமக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்கிறான். தோள்கள் குலுங்குகின்றன. உடம்பே விம்முகிறது. மனம் உடைந்து அழுகிறான் என்று பார்ப்பவர்கள் இரங்குகிறார்கள். அப்போது அவன் மெல்லத் திரும்புகிறான். கையில் மதுபானம் கலக்கும் குவளை! இத்தனை நேரம் அதைத்தான் குலுக்கிக்கொண்டிருந்தான்.

குலுங்கும் தோள் ஒன்றுதான். ஆனால் அதற்கு அழுகை, கலக்கல் என்று இரண்டு காரணங்கள் பொருந்துகின்றன. சாப்ளின் ஒரு காரணத்தைக் காட்டி, இன்னொன்றைத் தன் முதுகாலேயே மறைத்துவைத்தார். குலுக்கலின் வேகம் இரண்டுக்கும் சரியாக இருக்க வேண்டும். கொஞ்சம் வேகம் கூடியிருந்தால் அழுகையாகத் தெரிந்திருக்காது, குறைந்திருந்தால் குவளையைக் குலுக்கியதாக நம்ப முடியாது. குடியைப் பற்றிக் கடிதம் பேசியிருப்பதால்தான் குவளையைப் பார்த்ததும் வெடித்துச் சிரிக்கிறோம். அதற்குப் பதில் அவன் மோர் கடைந்துகொண்டிருந்தால் வியப்பு இருக்கும், சிரிப்பு இந்த அளவுக்கு இருக்காது. திருப்பம் எங்கிருந்தோ வந்து விழாமல், முன்பு சொன்னதோடு போய் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

மைம் கலைஞருக்கு அந்தக் குவளைகூடக் கிடையாது. இல்லாத பொருளை முதலில் இருக்க வைத்த பிறகுதான் அவர் அதை வைத்துச் சிரிக்க வைக்க முடியும். எல்லோரும் பார்த்திருக்கிற 'கண்ணுக்குத் தெரியாத சுவர்' எப்படி உண்டாகிறது என்று அருகில் போய்க் கவனிக்கலாம். கை தளர்ந்த நிலையில் காற்றில் முன்னே போகிறது. 'சுவரை'த் தொட்ட கணத்தில் விரல்கள் விறைத்து, உள்ளங்கை சட்டென்று தட்டையாகிறது. அதன் பிறகு உடம்பு முன்னே சாய்ந்தாலும், பக்கவாட்டில் நகர்ந்தாலும் அந்தக் கை வெளியில் அதே புள்ளியில் அசையாமல் நிற்க வேண்டும். நகர்வது உடம்பு, நிற்பது கை. கையை எடுக்கும்போது முதலில் விரல்கள் தளர வேண்டும், பிறகுதான் விலக வேண்டும். உடம்போடு சேர்ந்து கை இரண்டு அங்குலம் நழுவினால் போதும், சுவர் காணாமல் போய்விடும். காற்றைத் தடவுகிற ஒரு ஆள்தான் மிஞ்சுவார். அதனால் மைம் பயில்பவர்கள் இந்த நிலைப்புள்ளிப் பயிற்சியைச் சலிக்காமல் செய்கிறார்கள்.

பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் மார்சோ, நவீன மைமின் ஆசானான எட்டியன் டெக்ருவிடம் பயின்றவர். 1947இல் 'பிப்' என்ற வெள்ளை முகக் கோமாளியை உருவாக்கி உலகம் சுற்றியவர். அவருடைய 'முகமூடி செய்பவன்' என்ற சிறு நாடகத்தில் ஒருவன் முகமூடிகளை மாற்றி மாற்றி மாட்டிப் பார்க்கிறான். மேடையில் முகமூடி எதுவும் இல்லை. கை முகத்தைக் கடந்து போகும் நேரத்துக்குள் மார்சோவின் முகம் மாறிவிடும், அவ்வளவுதான். சிரிப்பு முகமூடி, சோக முகமூடி என்று விளையாட்டாகப் போய்க்கொண்டிருக்கும்போது சிரிப்பு முகமூடி சிக்கிக்கொள்கிறது. இழுக்கிறான், பிய்க்கிறான், கழன்று வரவில்லை. கழுத்துக்குக் கீழே உடம்பு பதறித் துடிக்கிறது. கழுத்துக்கு மேலே பல்லெல்லாம் தெரிய அதே சிரிப்பு. இந்தக் காட்சியை எந்த விநாடியில் நிறுத்திப் படம் பிடித்தாலும் அது பேச்சில்லாத ஒரு முழுக் கார்ட்டூன். இரு பக்கமும் போகிற தடத்தைப் போலவே இங்கேயும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டு செய்திகள் ஒரே உருவத்தில் நிற்கின்றன. முதலில் சிரிக்கிற பார்வையாளர்கள் பிறகு அமைதியாகிவிடுவதும் அதனால்தான்.

தமிழில் இந்த வகை ஜோக்கைப் பழக்கப்படுத்தியவர்களில் முக்கியமானவர் ஆனந்த விகடனில் வரைந்த கோபுலு. 'தில்லானா மோகனாம்பாள்' தொடருக்கு வரைந்த அதே கை, வசனமே இல்லாத நகைச்சுவைப் படங்களையும் வரைந்தது. தஞ்சாவூரில் பிறந்த அவர் வரைந்த மனிதர்கள் நிற்கிற விதத்திலும், தூண்டை மடித்துப் போட்டிருக்கிற விதத்திலும் அவர்கள் எந்த ஊர்க்காரர்கள், என்ன சுபாவம் என்பது தெரிந்துவிடும். பேச்சில்லாத படத்துக்கு இது அலங்காரமல்ல. ஆள் யாரென்று ஒரு பார்வையில் புரியாவிட்டால், அவர் செய்வதில் எது வழக்கத்துக்கு மாறானது என்றும் புரியாது.

பேச்சில்லாத படம் எல்லா ஊருக்கும் பொதுமொழி என்று சொல்வது பாதிதான் சரி. அது சொற்களைக் கேட்பதில்லை, பழக்கத்தைக் கேட்கிறது. சறுக்குக் கட்டைகள் பனியில் இணையாக இரண்டு கோடு இழுக்கும் என்பது தெரியாதவருக்கு ஆடம்ஸின் படம் வெறும் பனிக் காட்சிதான். இடமிருந்து வலமாகப் படிக்கிறவர்கள் இரண்டு கட்டப் படத்தையும் அப்படியே பார்ப்பார்கள். வலமிருந்து இடமாகப் படிக்கிற அரபு வாசகருக்கு அதே படத்தில் விளைவு முன்னால் வந்துவிடலாம். காலமும் படங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. டெலிபோனின் சுருள் வயரில் சிக்கிக்கொண்ட ஆள், கொடிக்கம்பி போலத் தொங்கும் வீட்டு ஆன்டெனா, தந்திக்காரரைக் கண்டு நடுங்கும் குடும்பம் என்று வரையப்பட்ட ஜோக்குகளைப் பார்க்கிற இன்றைய பள்ளிப் பிள்ளைக்கு யாராவது பக்கத்தில் உட்கார்ந்து அவை என்னவென்று விளக்க வேண்டியிருக்கும். அதற்குள் அந்த அரை விநாடி கடந்துபோய்விடுகிறது. மரத்துக்கும் தடத்துக்கும் அந்தச் சிக்கல் இதுவரை வரவில்லை.