பொட்டு வட்டமாக இருக்கிறதா?

தில்லி ஜங்புராவில், பாராபுல்லா வடிகாலின் கரையில் மதராசி கேம்ப் இருந்தது. பல பத்தாண்டுகள் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த அந்தக் குடியிருப்பு 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. தகுதியுள்ளவர்கள் என்று பட்டியலில் வந்தவர்களுக்கு நகரின் வடகோடியில் இருக்கும் நரேலாவில் வீடு ஒதுக்கினார்கள். முகவரி மாறியதும் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் முதலிலிருந்து போட வேண்டியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் போட்டோ வேண்டும்.

கேம்பிலிருந்து நரேலாவுக்குப் போன அக்கா ஒருவர் டீ குடிக்கும்போது செல்போனை நீட்டினார். "தம்பி, பாப்பா போட்டோவ ரெண்டு தடவ திருப்பி அனுப்பிட்டாங்க. என்ன குத்தம்னு புரியல."

படத்தைப் பார்த்ததும் முதலில் என் கண்ணில் பட்டது அந்தப் பெண்ணின் பொட்டுதான். நெற்றியில் வட்டமாக இருக்க வேண்டிய பொட்டு நெல்மணி போல நீண்டிருந்தது. படத்தை யாரோ பக்கவாட்டில் நசுக்கியிருக்கிறார்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். பொட்டு இல்லாதவர்களுக்குக் கண்ணின் கருவிழியைப் பாருங்கள், அதுவும் வட்டம்தான்.

நடந்தது இதுதான். பாப்பாவின் தம்பி செல்போனைப் படுக்கையாகப் பிடித்துப் படம் எடுத்திருக்கிறான்: அகலம் 4000 பிக்சல், உயரம் 3000. விண்ணப்பம் கேட்டது 350-க்கு 450. அதாவது 3.5 செ.மீ. அகலம், 4.5 செ.மீ. உயரம் என்ற வழக்கமான அளவு; ஏழுக்கு ஒன்பது. விண்ணப்பம் போட்ட கடையில் இருந்தவர் படத்தை வெட்டாமல், இரண்டு எண்களையும் நேராகத் தட்டிவிட்டார். உயரத்தோடு ஒப்பிட்டால் முகத்தின் அகலம் பாதியை விடக் கொஞ்சம்தான் கூடுதலாக மிஞ்சியது.

விகிதத்தைக் கொண்டுவருவது வெட்டு. அளவைக் கொண்டுவருவது சுருக்கம். முதலில் வெட்ட வேண்டும், பிறகுதான் சுருக்க வேண்டும். ஒரே அடியில் இரண்டையும் செய்யப் போனால் முகம்தான் நசுங்கும்.

எங்கே வெட்டுவது? படத்தின் ஓரத்திலிருந்து தொடங்காதீர்கள், தலையிலிருந்து தொடங்குங்கள். பாஸ்போர்ட் படங்களுக்கான சர்வதேச விதி, உச்சந்தலையிலிருந்து மோவாய் வரை படத்தின் உயரத்தில் 70 முதல் 80 சதவீதம் இருக்கச் சொல்கிறது. விண்ணப்பம் வேறு அளவு சொன்னால் அதுதான் கணக்கு. பாப்பாவின் மூலப் படத்தில் உச்சந்தலை மேலிருந்து 500-ஆவது பிக்சலில், மோவாய் 1850-இல். தலையின் உயரம் 1350. அது முக்கால் பங்காக வேண்டுமென்றால் வெட்டும் சட்டத்தின் உயரம் 1800. ஏழுக்கு ஒன்பது கணக்கில் அகலம் 1400.

மிச்சம் 450 பிக்சல். அதில் தலைக்கு மேலே 180, மோவாய்க்குக் கீழே 270 விட்டோம். கழுத்தும் தோளின் தொடக்கமும் தெரிய வேண்டுமே. ஆக, சட்டம் மேலே 320-இல் தொடங்கி 2120-இல் முடிகிறது. மூக்கின் கோடு இடமிருந்து 2000-இல் இருந்தது. அதன் இருபுறமும் 700, 700.

கணினியில் GIMP இருந்தால் வெட்டும் கருவியில் Fixed என்பதைத் தேர்ந்து, Aspect ratio பெட்டியில் 7:9 என்று எழுதிவிடுங்கள். பிறகு சட்டத்தை எப்படி இழுத்தாலும் விகிதம் மாறாது. வெட்டி முடித்ததும் Scale Image போய் அகலம் 350 என்று மட்டும் கொடுங்கள். பக்கத்தில் உள்ள சங்கிலி பூட்டியிருந்தால் உயரம் தானாக 450 என்று வரும். வேறு எண் வந்தால் வெட்டில் பிழை இருக்கிறது. சங்கிலியை அவிழ்த்து 450 என்று திணிக்காதீர்கள், திரும்பப் போய் வெட்டுங்கள்.

செல்போனிலேயே வெட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே பெரும்பாலும் 3:4 கிடைக்கும், 7:9 கிடைக்காது. கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று 3:4-இல் வெட்டி 350-க்கு 450-இல் திணித்தால் முகம் நூற்றுக்கு நான்கு பங்கு அகலமாகும். கண்ணுக்கு எளிதில் தெரியாத பிழை அது.

வெட்டினால் தீராத குறையும் உண்டு. எடுக்கும்போதே கொண்டை ஓரத்தில் வெட்டுப்பட்டுப் போயிருந்தால் எந்தக் கருவியும் அதை மீட்டுத் தராது. கை நீட்டி எடுக்கும் செல்ஃபியில் மூக்கும் பெருத்துவிடும். வெள்ளைச் சுவர் முன்னால் நிற்க வைத்து, ஐந்தாறு அடி தள்ளி நின்று, தலையைச் சுற்றித் தாராளமாக இடம் விட்டு எடுங்கள். நமக்கு வேண்டியது 350 பிக்சல் அகலம்தான். தள்ளி எடுத்தாலும் பிக்சலுக்குப் பஞ்சமில்லை.

புதுப் படத்தில் பொட்டு வட்டமாக வந்தது. அக்கா பழைய பெரிய படத்தை அழிக்கப் போனார், தடுத்துவிட்டேன். அடுத்த விண்ணப்பம் சதுரமாகக் கேட்கலாம். 1400 அகலத்துக்கு வெட்டிய படத்தில் 1800 சதுரம் கிடைக்காது. மூலப் படத்தில் இரண்டு பக்கமும் இடம் கிடக்கிறது.