பார்லரில் மறைக்கக் கூடாத விஷயம்

"முன்னாடி ஏதாவது கலர், ஸ்ட்ரெய்ட்டனிங் பண்ணியிருக்கீங்களாக்கா?"

"இல்லம்மா, ஒண்ணுமே பண்ணினதில்ல. மருதாணி மட்டும்தான்."

பார்லர் நாற்காலியில் உட்கார்ந்ததும் நம்மில் பலர் சொல்லும் பதில் இது. பொய் சொல்லும் எண்ணம் யாருக்கும் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு செய்த ரீபாண்டிங் இந்நேரம் போயிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். கடையில் வாங்கும் கறுப்பு மருதாணிப் பொடியை டை கணக்கில் சேர்ப்பதே இல்லை. இரண்டுமே தவறு.

தலைமுடி மாதத்துக்குச் சுமார் ஒன்றேகால் சென்டிமீட்டர் வளர்கிறது. வேரிலிருந்து புதிதாக வருகிறதே தவிர, ஏற்கெனவே வெளியே வந்த முடி தன்னைச் சரிசெய்துகொள்வதில்லை. ரசாயனம் பட்ட பகுதி, வெட்டி எறியும்வரை அப்படியேதான் தொங்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50 சென்டிமீட்டர் நீள முடி உள்ள ஒரு பெண் இரண்டு வருடத்துக்கு முன்பு ரீபாண்டிங் செய்தார். பிறகு மாதாமாதம் நரைக்காகக் கறுப்புப் பொடியைக் கரைத்து முடி முழுவதும் பூசினார். அதை நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறது. இப்போது அவருக்குச் செம்புப் பழுப்பில் ஹைலைட்ஸும் லேயர் கட்டும் வேண்டும்.

பார்வைக்கு அது ஒரே முடி. உண்மையில் அதில் மூன்று பகுதிகள் இருக்கின்றன. வேரருகே இரண்டரை சென்டிமீட்டர் எதுவும் படாதது. அதன்கீழ் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் வரை டை ஏறிய, இயல்பான சுருள் உள்ள முடி. நுனியில் மிச்சமுள்ள 20 சென்டிமீட்டர், ரீபாண்டிங்கும் டையும் சேர்ந்து பட்டது.

இது தெரியாமல் முழு நீளத்துக்கும் ப்ளீச் பூசினால் என்ன ஆகும்? உச்சந்தலைச் சூட்டில் வேர்ப்பகுதி சீக்கிரம் வெளுக்கும். நடுப்பகுதியோ பழைய கறுப்பு இளகாமல் செம்மஞ்சளில் நின்றுவிடும். புதிய டை பழைய டையை வெளுக்க வைக்காது என்பதால், மேலே இன்னொரு கலர் பூசினாலும் அது வெளிறாது. பொடியில் அவுரி கலந்திருந்தால் பச்சை வாடைகூட அடிக்கலாம். நுனியின் நிலைதான் மோசம். முடிக்கு உறுதி தரும் உள்பிணைப்புகளை உடைத்துத்தான் ரீபாண்டிங் அதை நேராக்குகிறது. அதே பிணைப்புகளை ப்ளீச்சும் தாக்கும். நனைந்த முடியை இழுத்தால் நீண்டு, திரும்பாமல் அறுந்துவிடும்.

மேற்சொன்ன வரலாற்றை அவர் முதலிலேயே சொல்லியிருந்தால் வேலை வேறு மாதிரி நடக்கும். அனுபவசாலி பின்கழுத்துப் பக்கம் வெளியே தெரியாத இடத்தில் மெல்லிய கற்றை ஒன்றை வெட்டி, ப்ளீச் கலவையில் அரைமணி நேரம் வைத்துப் பார்ப்பார். சில பொடிகளில் உலோக உப்புகள் இருக்கும். அவை பெராக்சைடுடன் சேர்ந்தால் கற்றை சூடேறும், புகையும்கூட. அப்படியானால் அன்றைக்கு ப்ளீச் கிடையாது. கற்றை தாங்கினால் ஹைலைட்ஸை மேல்பகுதியில் மட்டும் போட்டு, ரீபாண்டிங் நுனியைத் தொடாமல் விடலாம். அதுவும் செம்புக்குப் பதில் ஒரு படி ஆழமான பழுப்பில்.

வெட்டும் இதோடு சேர்ந்ததுதான். சுருள் மேல்பகுதியும் சப்பையான நுனியும் உள்ள முடியில் காதோரம் குட்டை லேயர் போட்டால், அது சுருண்டு எழும்பி நிற்கும், கீழே ஈர்க்குச்சி போல முடி தொங்கும். நீளமான லேயர்களாக வெட்டி, இப்போது 10 சென்டிமீட்டர் குறைத்து, மீதி 10 சென்டிமீட்டரை அடுத்தடுத்த வெட்டுகளில் எடுப்பதே நல்லது. எட்டு மாதத்தில் அந்த நீளம் வேரிலிருந்து வந்துவிடும்.

சிகையலங்காரக் கலைஞரிடம் சொல்லவேண்டியது கொஞ்சம்தான். என்ன செய்தீர்கள், எப்போது, முடியில் எதுவரை பட்டது. வீட்டில் பூசியதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கெரட்டின் செய்திருந்தால் மாதக்கணக்கு ஆகியிருந்தாலும் விடாதீர்கள். பொடி பாக்கெட்டின் பின்பக்கத்தைப் போனில் படமெடுத்துக் கொண்டுபோனால் நினைவை நம்ப வேண்டியதில்லை. அதில் 'பாராஃபெனிலின் டையமின்' என்று இருந்தால் அது டைதான், மருதாணி அல்ல. டை போட்டபின் எப்போதாவது அரிப்போ முகவீக்கமோ வந்திருந்தால், அதை எல்லாவற்றுக்கும் முன்னால் சொல்லுங்கள். அது உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படி எதுவும் வந்ததில்லை என்றாலும், கலர் போடுவதற்கு 48 மணி நேரம் முன்பு தோலில் கொஞ்சம் தடவிப் பார்த்துவிட வேண்டும்.

நீங்கள் இவ்வளவும் சொன்ன பிறகும் கற்றை வெட்டிப் பார்க்காமலே ப்ளீச் கலக்கத் தொடங்கினால், "முதல்ல ஒரு கற்றையில போட்டுப் பாருங்க" என்று கேளுங்கள். மறுத்தால் வெட்டிக்கொண்டு மட்டும் எழுந்து வாருங்கள், கலர் வேறு இடத்தில் போட்டுக்கொள்ளலாம்.