ஆறாவது சுரம் வருவதற்கு முன்

2009-ல் நியூயார்க்கில் நடந்த உலக அறிவியல் விழாவில், இசையையும் மூளையையும் பற்றி ஓர் அரங்கு நடந்தது. பாடகர் பாபி மெக்ஃபெரின் எழுந்து வந்து மேடையில் ஓரிடத்தில் குதித்தார். அந்த இடத்துக்கு உரிய சுரத்தை அவையினருக்குப் பாடிக் காட்டினார். ஓரடி தள்ளிக் குதித்து இரண்டாவது சுரத்தைச் சொல்லிக்கொடுத்தார். மூன்றாவது இடத்துக்குத் தாவியபோது வாயே திறக்கவில்லை. ஆனாலும் அரங்கம் முழுவதும் ஒரே குரலில் அடுத்த சுரத்தைப் பாடியது. அதன் பிறகு அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாவத் தாவ, கூட்டம் பிசகாமல் பின்தொடர்ந்தது. எந்த ஊருக்குப் போனாலும் இது இப்படித்தான் நடக்கிறது என்றார் மெக்ஃபெரின்.

அவர்கள் பாடியது ஐந்து சுர வரிசை. ச, ரி, க, ப, த என்று வரும் நம் மோகனம். 'நின்னுக்கோரி' வர்ணம் கற்றவர்களுக்கும், 'அக்னி நட்சத்திரம்' படப் பாட்டைக் கேட்டவர்களுக்கும் பழகிய ஒலிதான். ஸ்காட்லாந்தின் பழைய மெட்டுகளிலும், அமெரிக்க தேவாலயங்களில் பாடப்படும் 'அமேசிங் கிரேஸ்' பாடலிலும், சீனத்து மல்லிகைப்பூப் பாடலிலும் இதே ஐந்து சுரங்கள் வருகின்றன. ஸ்காட்லாந்துப் பாட்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறிப் போனது என்று சொல்லிவிடலாம். சீனத்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் என்ன தொடர்பு?

இதற்கு விடை தேட, 81 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு கம்பியை இழுத்துக் கட்டினால் போதும். எண்ணை 81 என்று எடுத்தது நானல்ல. கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே தொகுக்கப்பட்ட 'குவான்சி' என்னும் சீன நூல் இந்த எண்ணில்தான் தொடங்குகிறது.

முழுக் கம்பியை மீட்டினால் வருவதை ச என்று வைத்துக்கொள்வோம். அதில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து 54 சென்டிமீட்டரில் விரலை அழுத்தினால் ப வருகிறது. சவுக்கு அடுத்தபடியாகப் பவைத் தேர்ந்தெடுப்பதற்கு நல்ல காரணம் உண்டு. தம்புராவில் ஒரு கம்பியை மட்டும் மீட்டிவிட்டுக் கூர்ந்து கேட்டால், அந்த ஒரே ஒலிக்குள் மேல் ஸ்தாயிப் பஞ்சமமும் மெல்லியதாகக் கேட்கும். மனிதக் குரலுக்குள்ளும் அது உண்டு. ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடும்போது ஒரே சுரத்தை இரண்டு ஸ்தாயிகளில் பாடுவது போல, அதற்கடுத்து எளிதில் பொருந்துவது இந்தப் பஞ்சம உறவுதான்.

இப்போது அதே வேலையைத் தொடர்வோம். 54-உடன் அதன் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டினால் 72, அது ரி. 72-ல் மூன்றில் ஒன்றைக் கழித்தால் 48, அது த. 48-உடன் மூன்றில் ஒன்றைக் கூட்டினால் 64, அது க. சுரங்களை வரிசைப்படுத்தினால் ச 81, ரி 72, க 64, ப 54, த 48, மேல் ச 40.5. கம்பியில் இந்த இடங்களில் பென்சிலால் கோடு போட்டு மீட்டிப் பாருங்கள், மோகனம் வந்துவிடும். சீன நூல் பவையும் தவையும் கீழ் ஸ்தாயியில் வைத்து 108, 96 என்று சொல்கிறது. கணக்கு ஒன்றுதான்.

64 வந்ததும் ஒரு தடங்கல். அது மூன்றால் வகுபடாது. 81 என்பது மூன்றை நான்கு முறை பெருக்கிய எண். ஆகவே நான்கு முறைதான் மிச்சமில்லாமல் வகுக்க முடியும், ஐந்து சுரம்தான் முழு எண்ணில் கிடைக்கும். இது எண்ணின் குணம் மட்டும் அல்ல. பின்னத்தைப் பொருட்படுத்தாமல் ஆறாவது சுரத்தையும் எடுத்தோமானால் கம்பியின் நீளம் 42.67 சென்டிமீட்டர் ஆகிறது. மேல் ச இருப்பது 40.5-ல். அதுவரை எந்த இரண்டு சுரங்களுக்கு நடுவிலும் குறைந்தது ஒரு முழுச் சுர இடைவெளி இருந்தது. இப்போது முதன்முறையாக அரைச் சுர இடைவெளி நுழைகிறது. சவிலிருந்து எதிர்த்திசையில் போய் ம எடுத்தாலும் அதே கதைதான். அது கவை ஒட்டி வந்து உட்காரும். பஞ்சமத்தைப் பிடித்துப் பிடித்து ஏறும் வரிசையில், அரைச் சுரம் நுழைவதற்கு முந்தைய கடைசிப் படி ஐந்து.

அரைச் சுரம் நுழைந்தால் என்ன நடக்கிறது என்பதுதான் விஷயத்தின் மையம். நொடிக்கு 486 அதிர்வும் 512 அதிர்வும் உள்ள இரண்டு குரல்கள் அரைச் சுரத் தொலைவில் உள்ளவை. இவை சேர்ந்து ஒலித்தால் ஒலி நொடிக்கு 26 முறை தடித்து மெலிகிறது. காதுக்கு அது ஒரு கரகரப்பாகப் படுகிறது. பத்துப் பேர் சேர்ந்து பாடும் இடத்தில் ஒருவர் முந்துவார், ஒருவர் பிந்துவார். ஐந்து சுரத்துக்குள் இருக்கும்வரை ஒருவருடைய த மற்றவருடைய பவோடு கலந்தாலும் பெரிதாக உறுத்தாது.

ஜெர்மானிய இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃப் சிறுவர்களுக்காக வகுத்த முறையில் இதை நேரடியாகப் பயன்படுத்தினார். மரப்பலகைகளைத் தட்டி வாசிக்கும் சைலோபோனில், மவுக்கும் நிக்கும் உரிய பலகைகளைக் கழற்றி வைத்துவிடுவார்கள். மிச்சமுள்ளவற்றில் பிள்ளைகள் எதைத் தட்டினாலும் ஒன்றோடொன்று மோதாது. சிறுவர்களைப் பயமில்லாமல் இசைக்குள் அழைத்துவர இதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை.

அரைச் சுரத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. சவுக்கு அரைச் சுரம் கீழே நிற்கும் நி, கேட்பவரைச் சவை நோக்கி இழுக்கும். எது வீடு என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். ஐந்து சுர வரிசையில் அந்த இழுப்பு இல்லை. அதனால் எந்தச் சுரத்தையும் வீடாக வைத்துக்கொள்ளலாம். கீபோர்டில் கறுப்புக் கட்டைகளை மட்டும் வாசித்தால் இது புரியும். மூன்று கறுப்புக் கட்டைகள் சேர்ந்திருக்கும் இடத்தில் முதல் கட்டையைச் சவாக வைத்தால் மோகனம். இரண்டாவதை வைத்தால் மத்யமாவதி, மூன்றாவதை வைத்தால் இந்தோளம். அடுத்துள்ள இரட்டைக் கட்டைகளில் முதலாவது சுத்த சாவேரி, இரண்டாவது சுத்த தன்யாசி. கட்டைகள் அதே ஐந்துதான், மனநிலை ஐந்துவிதம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசைக்கும், அதிலிருந்து பிறந்த ராக் கிட்டாருக்கும் அடிப்படையான வரிசை சுத்த தன்யாசியின் சுரங்களோடு ஒத்தது. ப்ளூஸ் பாடகர்கள் கவை வளைத்து, இரண்டு காந்தாரங்களுக்கும் நடுவே நிறுத்துவார்கள். அது கட்டையில் அகப்படாத இடம்.

சுரங்களைப் பஞ்சம உறவால் அடுக்கும் அறிவு தமிழிலும் பழையது. குரல், இளி என்று சொல்லப்படுவதே அந்த உறவு. ஏழு சுரம் உள்ளதைப் பண் என்றும் ஐந்து சுரம் உள்ளதைத் திறம் என்றும் பிரித்தார்கள். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் வரும் முல்லைப்பாணி இன்றைய மோகனமே என்பது தமிழிசை ஆய்வாளர் பலரின் முடிவு.

இவ்வளவு தூரம் கணக்கு அழகாக ஓடுகிறது. ஆனால் ஜாவாத் தீவில் அது நின்றுவிடுகிறது. அங்குள்ள கேமலான் வாத்தியக் குழுவின் ஸ்லெண்ட்ரோ என்னும் வரிசையிலும் சுரம் ஐந்துதான். 1885-ல் ஆங்கிலேயர் அலெக்சாண்டர் எல்லிஸ், ஒரு ஸ்தாயியை 1200 சிறு பங்குகளாகப் பிரித்துப் பல நாட்டு வாத்தியங்களை அளந்தார். ஸ்லெண்ட்ரோவின் ஐந்து இடைவெளிகளும் ஏறக்குறைய சமமாக, ஒவ்வொன்றும் 240 பங்கை ஒட்டி இருந்தன. கம்பிக் கணக்கில் வரும் மோகனத்தில் இடைவெளிகள் 204, 294 என்று இரு வகை. இந்தப் பஞ்சமக் கணக்கால் ஸ்லெண்ட்ரோவை விளக்க முடியாது. எல்லா மனிதருக்கும் இயற்கை தந்த ஒரே வரிசை என்று எதுவும் இல்லை என்ற முடிவுக்கே எல்லிஸ் வந்தார்.

ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். ஸ்லெண்ட்ரோவிலும் அரைச் சுரம் இல்லை. இங்கே உளவியலாளர்களான பீட்டர் ஃபோர்ட்ரெஷரும் ஸ்டீவன் பிரவுனும் 2017-ல் முன்வைத்த கருத்து உதவுகிறது. பயிற்சி இல்லாத மனிதக் குரல் ஒரு சுரத்தை ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் பிடிப்பதில்லை. சற்று மேலும் கீழும் விழுகிறது. சுரங்கள் நெருங்கி நின்றால் ஒன்றைப் பாடியது இன்னொன்றாகக் கேட்கும். எனவே குரலின் பிசகைத் தாங்கும் அளவுக்கு விலகி நிற்கும் சுரங்களே வரிசையாக நிலைத்தன என்கிறார்கள் அவர்கள். எனக்கு இந்த விளக்கம் கம்பிக் கணக்கைவிட ஒரு படி அடிப்படையானதாகத் தோன்றுகிறது. நாற்று நடும்போது பாடியவர் கையில் கம்பி இருக்கவில்லை, குரல்தான் இருந்தது. கம்பியும் குழலும் வந்த பிறகு, அந்த விலகலுக்குள் எந்த இடத்தில் நிற்பது என்பதைப் பஞ்சம உறவு பல நாடுகளில் தீர்மானித்திருக்க வேண்டும்.

இதற்கு ஆதாரமாக ஜெர்மனியின் ஹோலே ஃபெல்ஸ் குகையில் 2008-ல் கிடைத்த கழுகெலும்புக் குழலைக் காட்டுபவர்கள் உண்டு. 35,000 ஆண்டுக்கும் மேல் பழைய அந்தக் குழலில் ஐந்து துளைகள் இருப்பது உண்மை. ஆனால் துளையின் எண்ணிக்கை சுரத்தின் எண்ணிக்கை ஆகாது. துளையைப் பாதி மூடினாலும், காற்றின் வேகத்தை மாற்றினாலும் சுரம் மாறும். எல்லாக் காதுக்கும் ஒரே சுவைதான் என்பதும் நிரூபணமாகவில்லை. பொலிவியக் காடுகளில் வாழும் சிமானே மக்களிடம் நடத்திய ஆய்வு 2016-ல் வெளிவந்தது. பொருந்தி ஒலிக்கும் சுரச் சேர்க்கையையும் உரசும் சேர்க்கையையும் அவர்கள் ஒரே அளவில் இனிமை என்றார்கள்.

பழக்கம் எவ்வளவு தூரம் மாற்றும் என்பதற்கு ஜப்பான் நல்ல இடம். அங்கே கிராமத்து நாட்டுப்பாடல்களில் அரைச் சுரம் இல்லாத, நம் சுத்த தன்யாசியை ஒத்த வரிசை பரவலாக வழங்குகிறது. நகரத்தில் கோட்டோ, ஷாமிசென் வாத்தியங்களோடு வளர்ந்த இசையிலோ அரைச் சுரம் உள்ள ஐந்து சுர வரிசை நிலைபெற்றது. 17-ஆம் நூற்றாண்டில் யட்சுஹஷி கெங்க்யோ என்னும் கோட்டோக் கலைஞர் அந்தச் சுருதி அமைப்பை உருவாக்கியதாகச் சொல்வார்கள். 'சகுரா சகுரா' பாட்டு அந்த வகை. நம் காதுக்கு அது கர்நாடக சுத்த சாவேரியாகக் கேட்கும். தேர்ந்த விரலும் இறுகக் கட்டிய கம்பியும் இருந்தால், குரல் தவிர்க்கும் நெருக்கத்தையும் விரும்பித் தேட முடிகிறது.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜப்பானியப் பள்ளிகளுக்கு மேற்கத்திய ஏழு சுரம் வந்தபோது, பாட்டெழுதியவர்கள் அதிலிருந்து மவையும் நியையும் விட்டுவிட்டு மெட்டமைத்தார்கள். மிச்சம் மோகனத்தின் சுரங்கள்தான். அந்த வழியில் பிறந்த மெட்டுகளில் ஒன்று, கியூ சகமோட்டோ 1961-ல் பாடிய பாட்டு. 'சுகியாகி' என்ற பெயரில் 1963-ல் அமெரிக்காவுக்குப் போன அது, ஜப்பானிய மொழியிலேயே அங்கே விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது.