தொட்டிலுக்கு வெளியே ஒரு பூந்தோட்டம்

பெயர் சூட்டும் நாளில் கூடத்துக்கு வரும் எல்லோருடைய பார்வையும் தொட்டில் மீதுதான் இருக்கும். பதினொன்றாம் நாள் புண்ணியாகவாசனத்தோடு சில வீடுகளில் இந்த விழா முடிந்துவிடும். வேறு சில வீடுகளில் பதினாறாம் நாளோ முப்பதாம் நாளோ நடக்கும். எந்த நாளானாலும் தொட்டில் அலங்காரத்துக்கு ஒரே கணக்குதான்: துணி, பூ, பொம்மை மூன்றும் தொட்டிலின் சட்டத்திலும் பின்சுவரிலும் இருக்கலாம், குழந்தை படுக்கும் இடத்தில் மட்டும் கூடாது.

வேலை துணியிலிருந்து தொடங்குகிறது. எட்டடி அகலமும் ஏழடி உயரமும் கொண்ட சுவர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். துணி மடிப்புமடிப்பாக விழ வேண்டுமானால் சுவரின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு, அதாவது பதினாறு அடி வேண்டும். கடையில் கிடைக்கும் 44 அங்குல அகலத் துணியில் அதற்கு ஐந்து பட்டைகள் தேவை. மேலே மடித்துத் தைக்க அரையடி சேர்த்தால் பட்டைக்கு ஏழரை அடி ஆகும். மொத்தம் சுமார் 12 மீட்டர். வெள்ளையோ இளமஞ்சளோ எடுத்தால் பூவின் நிறம் எடுப்பாகத் தெரியும். பட்டைகளைக் கயிற்றில் கோத்துக் கட்டிவிடுவது நல்லது. குண்டூசி கழன்று விழுந்தால் அது தரைவிரிப்பில் கிடப்பது கண்ணுக்குத் தெரியாது.

பூவுக்கு நேரக் கணக்கு முக்கியம். மல்லிகை மாலையில் மலரும் பூ. முதல் நாள் வாங்கிய சரம் காலை விழாவுக்குள் விரிந்து வாடத் தொடங்கிவிடும். அதனால் சட்டத்துக்குச் சாமந்தி, மல்லிகை அம்மாவின் கூந்தலுக்கு. நாலடியில் இரண்டு தூண்கள், மேலே நாலடிக் கம்பு, ஆக பன்னிரண்டு அடிச் சட்டம். இது எட்டு முழம். சரத்தைச் சுற்றிச் சுற்றிக் கட்டினால் பன்னிரண்டு முழம் பிடிக்கும். சரம் கட்டும்போது அரளியை அறவே தவிர்க்க வேண்டும், அதன் எல்லாப் பாகமும் நச்சு. கட்டும் முன் பூவை உதறினால் எறும்பு இருந்தால் தெரிந்துவிடும்.

பொம்மைகள்?

பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்கு ஓரடி தூரத்துக்குள் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். ஆகவே யானையும் கரடியும் விருந்தினருக்கான காட்சிதான். பெரியவற்றைப் பின்னாலும் சிறியவற்றை முன்னாலும் வைத்துத் தொட்டிலின் காலடியில் அடுக்கலாம். பஞ்சுப் பொம்மையும் தலையணையும் மூக்கை அடைத்து மூச்சைத் தடுக்கும் ஆபத்து இருப்பதால், முதல் ஓராண்டு குழந்தை தூங்கும் இடத்தில் இவை வேண்டாம் என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. மேல்கம்பில் பொம்மை தொங்கவிட்டால் முடிச்சை ஒருமுறை பலமாக இழுத்துப் பார்க்க வேண்டும்.

கடைசியாகத் தொட்டிலின் பலம். சில குடும்பங்களில் குழந்தைக்கு முன்பு குழவிக்கல்லைத் துணியில் சுற்றித் தொட்டிலில் இட்டு ஆட்டுவார்கள். சடங்காகச் செய்யும் அதுவே நல்ல சோதனை. கொக்கி கிரீச்சிட்டாலோ கம்பு வளைந்தாலோ அப்போதே தெரிந்துவிடும். குத்துவிளக்கு துணிக்கு எட்டாத தொலைவில் இருக்கட்டும். விருந்தினர் கிளம்பியதும், குழந்தையை இரவு அங்கே உறங்க வைக்கும் முன், சரங்களையும் தொங்கும் பொம்மைகளையும் கழற்றிவிட வேண்டும்.