முதல் சலாம்

தம் மகள் ஆயிஷாவைப் பற்றிய அவதூறில் உறவினர் மிஸ்தஹும் சேர்ந்துகொண்டதை அபூபக்கரால் தாங்க முடியவில்லை. அந்த ஏழைக்குக் கொடுத்துவந்த உதவியை இனித் தருவதில்லை என்று சத்தியம் செய்தார். மன்னித்துவிடச் சொல்லும் குர்ஆன் வசனம் (24:22) இறங்கியதும் உதவியைத் திரும்பத் தொடங்கினார். அறுந்த இடத்திலேயே முடிச்சு.

நின்றுபோனது பேச்சு என்றால்? பிணங்கிய இருவரில் முதலில் சலாம் சொல்பவரே மேலானவர் என்கிறது நபிமொழி. அண்ணனுக்குப் போன் போட்டு, “அஸ்ஸலாமு அலைக்கும் காக்கா, உங்க ஞாபகம் வந்துச்சு. உடம்பு எப்படி இருக்கு?” என்றால் போதும். “நடந்ததை மறந்துடுவோம்” என்று ஆரம்பித்தால் அதுவே வழக்காகிவிடும். சொத்துப் பேச்சு அன்று வேண்டாம். மறுமுனையில் மௌனமா? பெருநாளன்று மறுபடி கூப்பிடலாம்.